தருமபுரி கடைக்குப் போன 20 பிரதிகள்: சிறு பதிப்பகப் புத்தகத்தின் பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது?

பின்னட்டையில் விலை 200 ரூபாய் என்று இருக்கிறது. கடையில் 180 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். அதையே ஆன்லைனில் 160க்குப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். வாங்குபவருக்கு இது சந்தோஷம். அந்த 200 ரூபாயில் புத்தகத்தை அச்சடித்தவர் கைக்கு எவ்வளவு போகும், எப்போது போகும் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் சட்டென்று பதில் வராது. "எவ்வளவு" என்பதற்காவது ஒரு கணக்கு உண்டு. "எப்போது" என்பதற்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது.

சிறு பதிப்பகம் நடத்துபவர்கள் கூடினால் பேச்சு எப்படியும் கழிவில் வந்து நிற்கும். கடைக்கு 35 சதவீதமா, 40 சதவீதமா, விநியோகஸ்தர் 50 கேட்கிறாரே, கட்டுப்படியாகுமா என்று ஓடும். இந்தச் சண்டை தேவைதான். ஆனால் தருமபுரி மாதிரி மாவட்டத்தில் சிறு பதிப்பகத்தை உண்மையில் சாய்ப்பது அந்த 5 சதவீத வித்தியாசம் இல்லை. தேதி போடாமல் கடைக்குப் போய், எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்றே தெரியாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பண்டல்கள்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். பதிப்பகம் கடைக்குக் கொடுப்பது கழிவு. கடை வாசகருக்குக் கொடுப்பது தள்ளுபடி. இரண்டும் ஒரே பையிலிருந்து வருபவைதான். 200 ரூபாய் புத்தகத்துக்குக் கடை 35 சதவீதக் கழிவு வாங்கினால் அதன் பங்கு 70 ரூபாய். அதில் 10 சதவீதத் தள்ளுபடியாக 20 ரூபாய் வாசகருக்குப் போய்விடும். மீதி 50 ரூபாயில்தான் கடை வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம். அதனால் கடைக்காரரை வில்லனாக்கி இந்தக் கதையைச் சொல்ல முடியாது. தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்துக் கடைக்கு நோட்டுப் புத்தகமும் டி.என்.பி.எஸ்.சி. கைடும் தரும் வேகத்தை ஒரு கவிதைத் தொகுப்போ சிறுகதைத் தொகுப்போ தராது. அந்தத் தொகுப்புக்கு அலமாரியில் இடம் கொடுப்பதே அவருக்கு ஒரு செலவுதான்.

ஒரு புத்தகத்தின் கணக்கு

உதாரணத்துக்கு, 160 பக்கம், விலை 200 ரூபாய், அச்சு 300 பிரதி என்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அச்சு, அட்டை, மெய்ப்பு எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு 80 ரூபாய் ஆகிறது. எழுத்தாளருக்கு விலையில் 10 சதவீதம், அதாவது விற்ற பிரதிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் இது மாறும். ஆனால் கணக்கு போகும் பாதை மாறாது.

கடைக்கு 35 சதவீதம் கழித்தால் பதிப்பகத்துக்கு வருவது 130 ரூபாய். அச்சுச் செலவும் ராயல்டியும் போனால் மிச்சம் 30. அதிலிருந்து பார்சல் செலவும் போக வேண்டும். 40 சதவீதம் என்றால் மிச்சம் 20. விநியோகஸ்தருக்கு 50 சதவீதம் என்றால் கைக்கு வருவது சரியாக 100 ரூபாய். அச்சும் ராயல்டியும் சேர்ந்தாலே 100. பார்சல் செலவை யாராவது கையிலிருந்து போட வேண்டும்.

அப்படியானால் விநியோகஸ்தர் கேட்கும் 50 சதவீதம் கொள்ளையா? இல்லை. அதில் 30, 35ஐ அவர் கடைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். மிச்சத்தில்தான் குடோன், வண்டி, வசூல். இருபது கடைகளோடு தனித்தனியாகக் கணக்கு பார்க்கும் தலைவலி பதிப்பகத்துக்கு இல்லாமல் போகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுக்க வேண்டுமென்றால் புத்தகத்தின் விலையை 250 ஆக்கினால்தான் முடியும். 250இல் பாதி 125. அச்சு 80, ராயல்டி 25 போக 20 ரூபாய் நிற்கும். தமிழ்ப் புத்தகம் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்குப் பதிலில் ஒரு பகுதி இதுதான். நீங்கள் கேட்டு வாங்கும் தள்ளுபடியும், கடையும் விநியோகஸ்தரும் கேட்கும் கழிவும் முன்கூட்டியே பின்னட்டை விலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

பிரான்ஸில் 1981இல் வந்த சட்டப்படி, புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பகம்தான் வைக்கும். அதில் 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி கொடுக்கக் கூடாது. சின்ன ஊர்க் கடைகள் பிழைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால்தான் கடையில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனில் விலை பார்க்கிற காட்சி நடக்கிறது. 35 சதவீதத்துக்கு வாங்கி, 20 சதவீதத் தள்ளுபடி தரும் ஆன்லைன் விலையோடு போட்டி போடச் சொன்னால் எந்தக் கடைக்காரரும் "அப்போ கழிவைக் கூட்டுங்க" என்றுதான் சொல்வார்.

திரும்பி வரும் பண்டல்

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். சிறு பதிப்பகப் புத்தகத்தைக் கடைகள் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்குவதில்லை. "வச்சிட்டுப் போங்கண்ணா, வித்தா தர்றோம்" என்பதுதான் வழக்கம். வியாபாரத்தில் இதை கன்சைன்மென்ட் என்பார்கள். விற்காதது திரும்பி வரும். உலகம் முழுக்க இந்த வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 1930களின் பொருளாதார மந்தத்தில், புதுப் புத்தகம் எடுக்கக் கடைகள் பயந்தபோது, "விற்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்" என்று பதிப்பகங்கள் சொன்னதிலிருந்து அங்கே இது வேரூன்றியது. அன்று அவசரத்துக்குக் கொடுத்த சலுகை இன்றுவரை திரும்பிப் போகவே இல்லை.

மேலே சொன்ன அதே புத்தகத்தில் 20 பிரதியை 35 சதவீதக் கழிவில் தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள் என்று வைப்போம். ஒரு பிரதி சுமார் 200 கிராம். 20 பிரதியும் கட்டும் சேர்த்து நாலரைக் கிலோவுக்குள் வரும். தபாலில் பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது சிறு பதிப்பகங்கள் எல்லாம் தலையில் கை வைத்தன. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' வந்தது. 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தனியார் பார்சலில் போனாலும் ஏறக்குறைய இந்தச் செலவு ஆகும் என்றே கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கழித்து 8 பிரதி விற்றிருக்கிறது. கேள்விப்படாத ஒரு பதிப்பகத்தின் புத்தகத்துக்கு இது மோசமே இல்லை. 40 சதவீத விற்பனை. 12 பிரதி திரும்பி வருகிறது. அதில் 4 பிரதி கெட்டுப்போயிருக்கிறது. ஒன்றில் அட்டை மடங்கியிருக்கிறது. இன்னொன்றில் விலை ஸ்டிக்கரைப் பிய்த்ததில் லேமினேஷனும் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்த இரண்டும் வெயிலில் வெளுத்துவிட்டன. பல நேரம் திரும்பி வரும் பண்டல் 'டு பே' என்று புக் ஆகி வரும். அதாவது வாங்குகிறவர்தான் பார்சல் ஆபீஸில் காசு கட்டி எடுக்க வேண்டும்.

வரவு: 8 பிரதிக்கு 1,040 ரூபாய். செலவு: விற்ற 8, வீணான 4, ஆக 12 பிரதிக்கு அச்சுச் செலவு 960. ராயல்டி 160. போக 100, வர 100. மொத்தம் 1,320. ஆக, 8 பிரதி விற்ற பிறகு பதிப்பகத்துக்கு நஷ்டம் 280 ரூபாய். கெட்டுப்போன அந்த 4 பிரதியும் நல்லபடியாகத் திரும்பி வந்திருந்தால் 40 ரூபாய் லாபம். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே நிற்பது கட்டு போட்ட விதமும் ஒரு ஸ்டிக்கரும்தான்.

இதையே வேறு மாதிரி செய்து பார்க்கலாம். 20க்குப் பதில் 8 பிரதி மட்டும் அனுப்புகிறார்கள். திருப்பி எடுக்க மாட்டோம், அதற்குப் பதிலாகக் கழிவு 40 சதவீதம், பணம் முன்பே என்று பேசுகிறார்கள். வரவு 960. அச்சு 640, ராயல்டி 160, இரண்டு கிலோவுக்குள் வரும் பார்சல் 50. மிச்சம் 110 ரூபாய். 45 சதவீதமே கொடுத்தாலும் 30 ரூபாய் நிற்கும். அதே 8 பிரதிதான் விற்கிறது. கடைக்காரருக்குக் கழிவும் கூடுதல். பதிப்பகத்துக்கு நஷ்டமும் இல்லை. கழிவை 5 சதவீதம் குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட, 5 சதவீதம் கூட்டிக் கொடுத்து 'ரிட்டர்ன் இல்லை' என்று பேசுவது பல நேரம் நல்ல பேரம். ஆனால் தமிழ்ப் பதிப்புலகில் இந்தப் பேரத்தை எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது சந்தேகம்தான். காரணம் புரிகிறது. புதுப் பெயருக்குக் காசு கொடுத்து வாங்கும் துணிச்சல் எல்லாக் கடைக்கும் வராது. அப்போது கன்சைன்மென்ட்தான் வழி. அதையாவது ஒழுங்காகச் செய்யலாமே என்பதுதான் கேள்வி.

திருவிழாவில் இறங்கும் பண்டல் எங்கே போகிறது?

தருமபுரியில் மாவட்ட நிர்வாகமும் தகடூர் புத்தகப் பேரவையும் சேர்ந்து நடத்தும் புத்தகத் திருவிழா இந்தப் பக்கத்து வாசகர்களுக்குப் பெரிய நிகழ்வு. 2022க்குப் பிறகு அரசே எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்த முடிவெடுத்ததில், ஓசூர், சேலம், ஈரோடு என்று சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு ஊரில் அரங்கு போட்டபடியே இருக்கிறார்கள். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்தும் திருவிழா ஆகஸ்டில் வரும். சென்னையில் பபாசி நடத்துவது ஜனவரியில்.

பத்துத் தலைப்பு மட்டும் வைத்திருக்கும் பதிப்பகத்தால் தனி அரங்கு எடுக்க முடியாது. வாடகை, இரண்டு பேர் தங்குவதற்கு ரூம், சாப்பாடு, வண்டி என்று பார்த்தால் விற்பனையே அதற்குச் சரியாகிவிடும். அதனால் புத்தகங்களை வேறொரு பதிப்பகத்தின் அல்லது விற்பனையாளரின் அரங்கில் வைப்பார்கள். 40 சதவீதம் கழிவு என்றால், வாசகருக்கு 10 சதவீதம் போக அரங்குக்காரருக்கு நிற்பது 30 சதவீதம். நியாயமான பங்குதான்.

பிரச்சினை கடைசி நாள் ராத்திரி ஆரம்பிக்கிறது. விற்காத புத்தகம் திரும்பி வராது. பண்டல் கட்டி, அதே வண்டியில் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடும். அங்கிருந்து அதற்கடுத்த ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஏற்றி இறக்கும்போது இரண்டு பிரதி நசுங்கும், ஒன்று காணாமல் போகும், நான்கு விற்கும். போன் போட்டால் "எல்லாம் சேர்த்து சென்னை முடிஞ்சதும் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வரும். 2021இலும் 2022இலும் கொரோனாவால் சென்னைக் கண்காட்சி ஜனவரியிலிருந்து பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. 'சென்னை முடிஞ்சதும்' என்று நின்ற கணக்குகளும் கூடவே தள்ளிப் போயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சில நேரம் பணத்துக்குப் பதில் புத்தகம் வரும். "இப்போ கையில காசு இல்ல, நம்ம வெளியீட்டுல அதே தொகைக்கு எடுத்துக்கோங்க" என்பார்கள். நட்பில் இது நடக்கட்டும். ஆனால் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தால் அடுத்த புத்தகத்தை அடித்துத் தர மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. இந்திய சரக்கு விற்பனைச் சட்டம் 1930இன் 24ஆவது பிரிவு, 'விற்பனை அல்லது திருப்பி அனுப்புதல்' என்ற முறையில் கொடுத்த சரக்கைப் பற்றித்தான் பேசுகிறது. திருப்பித் தர ஒரு தேதி குறித்திருந்து, அந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால், சரக்கு வாங்கியவருடையதாகிவிடும். அதாவது விற்பனை முடிந்துவிட்டது, பணம் பாக்கி. தேதியே குறிக்கவில்லை என்றால் 'நியாயமான காலம்' முடிந்த பிறகு அதே விளைவு. அந்த நியாயமான காலம் எவ்வளவு என்பதை கோர்ட்டில் போய்த்தான் தீர்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு யாரும் தருமபுரி கோர்ட் படி ஏறப் போவதில்லை. ஆக, சலானில் எழுதும் ஒரே ஒரு தேதி அவ்வளவு வேலை செய்கிறது.

கடை வெறும் முகவராக இருந்து விற்றுத் தருகிறது என்றால் வேறு கணக்கு. அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வரும். அதன் 213ஆவது பிரிவுப்படி, கேட்கும்போது முறையான கணக்கைக் காட்ட வேண்டியது முகவரின் கடமை. அதனால் "எத்தனை வித்திருக்கு?" என்று கேட்பதைத் தொந்தரவாகக் கடைக்காரர் நினைக்க வேண்டியதில்லை, கேட்க பதிப்பாளரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விற்கும்வரை புத்தகம் பதிப்பகத்துடையது என்றால், அதற்கு வரும் சேதமும் பொதுவாகப் பதிப்பகத்துடையதுதான். வேறு மாதிரி எழுதி வைத்திருந்தாலோ, கடையின் அலட்சியம் என்று காட்ட முடிந்தாலோ தவிர. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பதிப்பகக் கிடங்குகளில் புத்தகங்கள் ஊறிப் போனது நினைவிருக்கும். அப்படி ஒரு வெள்ளத்தில் கடையில் இருந்த கன்சைன்மென்ட் பிரதியும் நனைந்தால் அது யாருடைய நஷ்டம்? இதை மழைக்கு முன்பே பேசி வைத்தவர்கள் குறைவு.

சலானில் எழுத வேண்டியது

பெரிய ஒப்பந்தம் எல்லாம் வேண்டாம். புத்தகத்தோடு போகும் டெலிவரி சலானிலேயே நாலு வரி போதும். எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, என்ன கழிவு என்பது எல்லோரும் எழுதுவது. அதோடு, 90 நாளில் கணக்கு என்று நாளைக் கூட்டிப் பார்த்து ஒரு தேதி போட வேண்டும். 'மூன்று மாதம்' என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து என்று மறுபடி பேச்சு வரும். அந்தத் தேதிக்குள் விற்க முடியாததைத் திருப்பித் தரலாம், விற்கக்கூடிய நிலையில் இருக்கும் பிரதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம், தேதி தாண்டினால் விற்றதாகக் கணக்கு என்று எழுத வேண்டும். போகும் பார்சல் பதிப்பகம், வரும் பார்சல் கடை என்று பிரித்துக்கொண்டால் 'டு பே' தகராறும் இல்லை. கீழே கடையின் கையெழுத்து அல்லது சீல். அதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அந்தக் கடை நம்பருக்கே அனுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே காகிதம் இருக்கும்.

திருவிழா அரங்கில் வைக்கும் புத்தகத்துக்கும் இதே சலான்தான், ஒரு வரி கூடுதலாக. கடைசி நாள் எண்ணிக்கை எடுத்து அனுப்ப வேண்டும். அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதென்றால் அதற்குப் புதுச் சலான் போட வேண்டும். அரங்கு பிரிக்கும் அவசரத்தில் யார் எண்ணுவது என்பார்கள். அரங்குக்காரர் தன் சொந்தப் புத்தகத்தை எண்ணத்தானே செய்கிறார்.

இதைக் கடைகள் ஏற்குமா? சில கடைகள் "அப்போ எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும். சொல்லட்டும். தேதி போட மறுக்கும் கடை, ஆறு மாதம் கழித்துப் பணம் தரவும் யோசிக்கும் கடையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 20 பிரதியை அங்கே வைத்து 280 ரூபாய் நஷ்டப்படுவதைவிட, அந்த 20ஐ வீட்டிலேயே வைத்துத் தபாலில் நேரடியாக விற்பது மேல்.

கடைக்காரர் தரப்பிலிருந்தும் ஒரு நியாயமான கோரிக்கை வரும். ஒரே தலைப்பில் 20 பிரதி கொண்டுவந்து இறக்காதீர்கள், ஐந்து வையுங்கள், தீர்ந்ததும் போன் செய்கிறோம், இரண்டு நாளில் அடுத்த ஐந்தை அனுப்புங்கள் என்பார். இது சரியான யோசனை. ஆனால் இரண்டு நாள் என்றால் இரண்டு நாளில் அனுப்ப வேண்டும். போன் செய்து மூன்று வாரம் ஆகியும் புத்தகம் வராவிட்டால், கேட்டு வந்த வாசகர் அதற்குள் ஆன்லைனில் வாங்கியிருப்பார். அடுத்த முறை அந்தக் கடைக்காரர் போன் செய்ய மாட்டார்.